போனில் அழிந்த படங்கள்: எது திரும்பும், எது திரும்பாது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கை தவறி டெலிட் ஆயிடுச்சு. முதல்ல எங்க தேடணும்?

படத்தை எந்த ஆப்பில் இருந்து அழித்தீர்கள் என்பதை முதலில் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். போன் முழுவதற்கும் ஒரே குப்பைத்தொட்டி கிடையாது. பெரும்பாலும் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக ஒன்று இருக்கும். சாம்சங் கேலரியில் கீழே வலது மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டால் `Trash` அல்லது `Recycle bin` என்று வரும். அங்கே படம் 30 நாள் இருக்கும். கூகுள் போட்டோஸில் `Collections` பகுதிக்குள் `Bin` இருக்கிறது, சில போன்களில் அதன் பெயர் `Trash`. பேக்கப் ஆன படம் அங்கே 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாத படம் 30 நாள்தான். ஐபோனில் `Recently Deleted` என்ற ஆல்பத்தைப் பாருங்கள். அதைத் திறக்க முகமோ பாஸ்கோடோ கேட்கும், அங்கும் 30 நாள் கணக்குதான். ஃபைல் மேனேஜர் வழியாக அழித்திருந்தால் கேலரியின் தொட்டியில் தேடிப் பயனில்லை, ஃபைல் மேனேஜரின் தொட்டியைத் திறக்க வேண்டும்.

`Restore` அழுத்திய பிறகும் படம் வரவில்லை என்று பதறுபவர்கள் நிறைய. படம் வந்திருக்கும். அது கேலரியின் மேல்வரிசையில் இல்லாமல், எடுத்த தேதியில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். போன வருடம் சித்திரையில் எடுத்த படம் என்றால் போன வருடம் சித்திரை வரைக்கும் தள்ளிப் பார்க்க வேண்டும்.

நான் அழிக்கவே இல்லை. தொட்டியிலயும் இல்லை. ஆனா படத்தைக் காணோம்?

அப்படியென்றால் பெரும்பாலும் படம் எங்கோ இருக்கிறது. அதிகம் நடப்பது கணக்குக் குழப்பம். போனில் இரண்டு ஜிமெயில் இருக்கும், பழைய படங்கள் ஒன்றில், புதியவை இன்னொன்றில். கூகுள் போட்டோஸில் வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு மற்ற கணக்குக்கு மாறிப் பாருங்கள். அதோடு `Archive` பகுதியையும் திறந்து பாருங்கள். யாராவது படத்தை அங்கே தள்ளியிருந்தால் முகப்பில் தெரியாது.

கூகுள் போட்டோஸில் படங்களைப் பூட்டி மறைத்து வைக்கும் `Locked Folder` வேறு விஷயம். அதில் வைத்த படத்துக்குத் தனியாக பேக்கப் போட்டிருக்கவில்லை என்றால், கூகுள் போட்டோஸ் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலோ அதன் டேட்டாவை கிளியர் செய்தாலோ படமும் போய்விடும். "ஆப் சரியா வேலை செய்யலை, கிளியர் டேட்டா கொடுத்துப் பாருங்க" என்று யாராவது சொன்னால், அதற்கு முன் இந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

தொட்டியையும் காலி பண்ணிட்டேன். ரெக்கவரி ஆப் போட்டா வருமா?

போனின் உள் மெமரியில் இருந்த படம் என்றால் வராது. சர்வீஸ் கடைகளில்கூட இதை நேராகச் சொல்லத் தயங்குவார்கள், ஆனால் உண்மை இதுதான்.

பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்கில் ஒரு ஃபைலை அழித்தால் அதன் பெயர் மட்டும் பட்டியலில் இருந்து போகும், உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். "அழிந்தாலும் மீட்கலாம்" என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் வந்தது. இன்றைய போனில் இரண்டு விஷயங்கள் அதைத் தடுக்கின்றன. முதலாவது குறியாக்கம். ஆண்ட்ராய்டு 10 உடன் வெளியான போன்களில் இருந்து ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனிச் சாவியால் பூட்டி வைப்பது கட்டாயம். ஐபோனில் இது அதற்கும் முன்பிருந்தே உண்டு. படத்தை அழிக்கும்போது அந்தச் சாவியை உருவாக்கத் தேவையான தகவலும் சேர்ந்தே போகிறது. மிச்சம் கிடக்கும் பிட்டுகளை யாராவது சுரண்டி எடுத்தாலும் அவை வெறும் இரைச்சல்தான். இரண்டாவது, காலியான இடத்தை போனே மெமரி சிப்புக்குத் தெரிவித்துவிடும். சிப் தனக்கு ஓய்வு கிடைக்கும்போது அந்த இடத்தைத் துடைத்துவிடும். இரவில் சார்ஜில் போட்டுத் தூங்கும் நேரம் அதற்கு வசதியான நேரம்.

இதனால்தான் "உடனே போனை ஆஃப் பண்ணி வையுங்கள்" என்ற பழைய அறிவுரைக்கு உள் மெமரி விஷயத்தில் பெரிய பலன் இல்லை. ஃபேக்டரி ரீசெட் செய்த போனுக்கும் இதே கதைதான், அங்கே மொத்தச் சாவியே அழிந்துவிடுகிறது. திரை உடைந்த போன், தண்ணீரில் விழுந்த போன் ஆகியவற்றை இதோடு சேர்க்காதீர்கள். அவற்றில் படம் அழியவில்லை, போனை உயிர்ப்பித்துத் திறக்க முடிந்தால் படமும் வந்துவிடும்.

ஆனா அந்த ஆப் ஆயிரக்கணக்குல என் பழைய படங்களைக் காட்டுதே?

காட்டும். அதை நம்பித்தான் பலர் பணமும் கட்டிவிடுகிறார்கள். கேலரியைத் தள்ளும்போது படங்கள் வேகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக போன் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன நகலைச் செய்து `.thumbnails` போன்ற மறைவான ஃபோல்டர்களில் வைத்திருக்கும். மூலப்படம் போன பிறகும் இந்தச் சின்ன நகல் சில நேரம் தங்கிவிடும். ஆப் திரட்டிக் காட்டுவது பெரும்பாலும் இவற்றைத்தான். கூடவே இன்னும் அழியாமல் இருக்கும் படங்களையும் சேர்த்து எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும்.

சோதிப்பது எளிது. ஒரு படத்தின் விவரத்தைத் திறந்து அளவைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் சுமார் 4000 × 3000 பிக்சல் இருக்கும், பெரும்பாலும் சில எம்.பி. வரும். ஆப் கொடுப்பது சுமார் 500 பிக்சல் அகலத்தில், சில பத்து கே.பி. மட்டும் என்றால் அது சின்ன நகல். இறந்துபோன ஒருவரின் முகம் அதில் மட்டும்தான் மிச்சம் என்றால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் டிபிக்குப் போதும். பிரிண்ட் போட முடியாது. அதற்குப் பணம் கேட்டால் கட்ட வேண்டாம், இலவசமாக ஸ்கேன் செய்து காட்டும் ஆப்களே அளவைச் சொல்லிவிடும்.

படம் மெமரி கார்டுல இருந்துச்சு. அதுவும் போனதுதானா?

இல்லை. மீட்பு வேலை உண்மையில் பலிக்கும் இடம் இதுதான். சாதாரணமாகப் போட்ட மெமரி கார்டில் குறியாக்கம் இருக்காது. அழித்தால் பட்டியலில் உள்ள குறி மட்டும் மாறும், படம் அதே இடத்தில் கிடக்கும். அதன் மேல் புதிதாக எதையும் எழுதாதவரை மீட்கலாம். ஆகவே இங்கே அவசரம் பொருந்தும்: கேமராவைத் திறக்காதீர்கள், போனை ஆஃப் செய்து கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். கார்டில் ரெக்கவரி ஆப்பை இன்ஸ்டால் செய்வது, மீட்ட படத்தை அதே கார்டில் சேமிப்பது ஆகிய இரண்டும் மீட்க வந்த படத்தையே மிதித்துவிடும்.

கடைக்கு வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒரு பெரியவரின் சாம்சங் போன், 64 ஜி.பி. கார்டு. பேத்தியின் காதுகுத்துப் படங்கள் அதில் இருந்தன. மகன் கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைத்து, காப்பி ஆகிவிட்டது என்று நினைத்து, கார்டில் இருந்த `DCIM` ஃபோல்டரை அங்கிருந்தே அழித்துவிட்டார். கம்ப்யூட்டர் வழியாக அழித்ததால் போனின் தொட்டிக்கும் போகவில்லை, கம்ப்யூட்டரின் தொட்டிக்கும் போகவில்லை. ஆனால் பெரியவர் அன்று முழுக்க போனைத் தொடாமல் வைத்திருந்தார். அதுதான் காப்பாற்றியது.

கார்டை அடாப்டரில் போட்டு, அடாப்டரின் இடது ஓரத்தில் உள்ள சின்ன தாழ்ப்பாளை `Lock` பக்கம் தள்ளினேன். இனி கார்டில் எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும். கம்ப்யூட்டரில் போட்டதும் விண்டோஸ் சில நேரம் "ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கேட்கும், `Cancel` கொடுக்க வேண்டும். மீட்கப் பயன்படுத்தியது ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள். டெஸ்ட்டிஸ்க் என்ற தொகுப்போடு சேர்ந்து வருகிறது, அதில் `qphotorec_win.exe` என்பதைத் திறந்தால் பட்டன்களோடு ஒரு ஜன்னல் வரும்.

மேலே டிஸ்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. 64 ஜி.பி. கார்டு அங்கே 59 அல்லது 60 என்று தெரியும், அதை வைத்து அடையாளம் காண வேண்டும். அதன் கீழே பார்ட்டிஷனைத் தொட்டு, ஃபைல் சிஸ்டம் வகையில் `FAT/NTFS` என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுத்தேன். அழித்த படம் மட்டும் என்பதால் `Free` போதும். கார்டை ஃபார்மேட் செய்திருந்தால் `Whole` கொடுக்க வேண்டும். `File Formats` பட்டனில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு `jpg`, `mov` இரண்டுக்கு மட்டும் டிக் போட்டேன். போன் எடுக்கும் எம்.பி.4 வீடியோவும் அந்த `mov` வகைக்குள்தான் வரும். சேமிக்கும் இடமாகக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கில் ஒரு ஃபோல்டரைக் காட்டி `Search` அழுத்தினேன். நல்ல யு.எஸ்.பி. 3 ரீடர் என்றால் இந்த அளவு கார்டைக் கால்மணி நேரத்துக்குள் படித்துவிடும், பழைய ரீடரில் ஒரு மணி நேரம் வரைகூட ஆகலாம்.

கார்டைப் போனில் உள் மெமரியாகச் சேர்த்து ஃபார்மேட் செய்திருந்தாலோ, செட்டிங்ஸில் கார்டுக்கு என்கிரிப்ஷன் போட்டிருந்தாலோ இந்த வழி நடக்காது. ஸ்கேன் ஓடி முடிந்தும் ஒரு படம்கூட வராமல் இருப்பது அதன் அறிகுறி.

மீட்டது வந்துச்சு, ஆனா பேரெல்லாம் கண்டபடி இருக்கு. பாதிப் படம் சாம்பலா இருக்கு?

ஃபோட்டோரெக் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. கார்டை முதலில் இருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போய், ஜேபெக் படம் தொடங்கும் அடையாளமான `FF D8 FF` கண்ணில் பட்டால் அங்கிருந்து ஒரு படம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே பழைய பெயரோ ஃபோல்டரோ அதற்குத் தெரியாது. `recup_dir.1`, `recup_dir.2` என்று ஃபோல்டர் போட்டு `f` என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணுமாகப் பெயர் வைத்துவிடும். `t` என்ற எழுத்தில் தொடங்குபவை படத்துக்குள் பதிந்திருந்த சின்ன நகல்கள், அவற்றை ஒதுக்கிவிடலாம். எப்போதோ அழித்த பழைய படங்களும் சேர்ந்து வரும். வீட்டில் யாரோடும் உட்கார்ந்து திறப்பதற்கு முன் இது நினைவிருக்கட்டும்.

எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி அதைப் படித்துப் பெயரை மாற்றித் தரும். விண்டோஸ் கமாண்ட் ஜன்னலில்:

```
exiftool "-FileName<DateTimeOriginal" -d "%Y%m%d_%H%M%S%%-c.%%e" recup_dir.1
```

மற்ற `recup_dir` ஃபோல்டர்களுக்கும் இதையே ஓட்டிய பிறகு காதுகுத்து நாளின் படங்கள் அத்தனையும் ஒரே தேதியில் வரிசையாக நிற்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் அந்தத் தேதி இருக்காது, அதனால் அவை பழைய எண்ணோடுதான் இருக்கும்.

மேலே முகம் தெரிந்து கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவோ வண்ணக் கோடுகளாகவோ இருந்தால், அந்தக் கீழ்ப்பாதி இருந்த இடத்தில் வேறு ஃபைல் எழுதப்பட்டிருக்கிறது, அல்லது படம் கார்டில் துண்டுதுண்டாக வைக்கப்பட்டிருந்தது. முதல் வகைக்கு மருந்தில்லை. நீளமான வீடியோக்கள் இரண்டாவது வகையில் அதிகம் மாட்டும், படங்கள் வந்த அளவுக்கு வீடியோ வராது. காதுகுத்து வேலையிலும் அப்படித்தான்: படங்கள் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தன, மொட்டையடிக்கும் வீடியோ ஓடவில்லை.

வாட்ஸ்அப்ல வந்த படம் போயிடுச்சு. என்ன வழி?

யார் அனுப்பினார்களோ அவரிடமே திரும்பக் கேட்பதுதான் முதல் வழி. வெட்கப்பட ஒன்றுமில்லை, மற்ற வழிகளைவிட இதில் வேலை சீக்கிரம் முடியும். நீங்கள் அனுப்பிய படம் என்றால் உங்கள் போனிலேயே தேடுங்கள். ஃபைல் மேனேஜரில் இந்த இடத்துக்குப் போனால், அனுப்பிய படங்கள் கேலரியில் தெரியாமல் அங்கே கிடக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent
```

கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் இணைத்திருந்தால் அதே அரட்டையை அங்கேயும் திறந்து பாருங்கள். போனில் அழிந்த படம் அதில் நிற்கலாம்.

டிரைவ் பேக்கப்பில் இருந்து மீட்பது கடைசி வழி. அதற்கு வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட வேண்டும், பேக்கப் எடுத்த நேரத்துக்குப் பிறகு வந்த செய்திகள் போய்விடும். அழித்ததை உணர்ந்த உடன் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் தானியங்கி பேக்கப்பை நிறுத்திவிட்டு யோசியுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி ஓடும் பேக்கப், அந்தப் படம் இல்லாத நிலையையே பதிந்துவிடும்.

படம் எப்படிப் போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அரட்டையை கிளியர் செய்யும்போது. "இந்த அரட்டையில் வந்த மீடியாவையும் கேலரியில் இருந்து நீக்கு" என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி வரும். அதைக் கவனிக்காமல் சரி கொடுத்துவிடுகிறார்கள்.

கூகுள் போட்டோஸ்ல இருக்குன்னு நம்பி போன்ல அழிச்சேன். அங்கயும் போச்சே?

கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள் நின்று படத்தை அழித்தால், அது போனுக்கும் மேலே உள்ள கணக்குக்கும் சேர்த்துத்தான். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் வலது மேல் வட்டத்தைத் தொட்டு `Free up space` கொடுக்க வேண்டும். அது பேக்கப் ஆன படங்களின் போன் நகலை மட்டும் எடுத்துவிடும். ஒரே ஒரு படத்துக்கு என்றால் அந்தப் படத்தின் மெனுவில் `Delete from device` இருக்கும்.

இன்னொரு காரணம், பேக்கப் எப்போதோ நின்றுபோயிருக்கும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி., அதை ஜிமெயிலும் டிரைவும் பங்குபோடுகின்றன. 2021 ஜூன் 1க்கு முன்பு சற்றே சுருக்கிய தரத்தில் ஏற்றிய படங்கள் இந்தக் கணக்கில் சேராது. அதன் பிறகு ஏற்றியவை சேரும். அன்று இலவசம் என்று பழகியவர்கள் பலர் இன்றும் அதே நினைப்பில் இருக்கிறார்கள். கணக்கு நிரம்பியதும் பேக்கப் நின்றுவிடும், வரும் எச்சரிக்கையைப் பலர் கவனிப்பதில்லை.

வாட்ஸ்அப் படங்களின் ஃபோல்டர் தானாக பேக்கப் ஆகாது என்பதும் பலருக்குத் தெரியாது. பேக்கப் செட்டிங்ஸில் `Back up device folders` என்ற இடத்தில் `WhatsApp Images` என்பதை நீங்களே ஆன் செய்ய வேண்டும். எல்லா ஃபார்வர்டு படங்களும் ஏறிவிடும் என்பதால், 15 ஜி.பி. மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை. வேண்டிய படத்தை மட்டும் தனி ஆல்பத்துக்கு நகலெடுத்து அந்த ஃபோல்டரை ஆன் செய்தால் போதும்.

இனிமே இப்படி ஆகாம இருக்க என்ன பழக்கம் வெச்சுக்கணும்?

இரண்டு போதும் என்பது என் எண்ணம். நீளப் பட்டியல் போட்டால் யாரும் பின்பற்றுவதில்லை.

ஒன்று, "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று போன் கத்தும்போது கேலரியில் கை வைக்காமல் இருப்பது. கல்யாண வீட்டில் நின்றுகொண்டு அவசரமாகப் படம் அழிக்கும்போதுதான் வேண்டியது போகிறது. அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் `Settings`, `Storage and data`, `Manage storage` என்று போங்கள். 5 எம்.பி.க்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். காலை வணக்க வீடியோக்களை மட்டும் நீக்கினாலே பல ஜி.பி. கிடைக்கும்.

இரண்டு, மாதம் ஒரு முறை கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கோ வெளி ஹார்டு டிஸ்குக்கோ நகலெடுப்பது. கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும். பாதியில் கேபிள் அசைந்தால் கட் செய்தது இரண்டு பக்கமும் குழம்பும். காப்பி முடிந்ததும் இரண்டு பக்க ஃபோல்டரின் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, நடுவில் இருந்து ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் போனில் அழிக்கும் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

பேக்கப் இருக்கிறதா என்று சோதிக்க உங்கள் போனையே கேட்காதீர்கள். வேறொரு கம்ப்யூட்டரில் `photos.google.com` திறந்து, நேற்று எடுத்த படம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஜிமெயிலில் படங்கள் கிடந்தால் அதையும் எப்போதாவது திறந்து பாருங்கள். இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கின் உள்ளடக்கத்தை கூகுள் நீக்கிவிடலாம்.

சொந்தக்காரங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி வெச்சா அது ஒரு நகல்தானே?

நகல்தான், ஆனால் சுருங்கிய நகல். சாதாரணமாக அனுப்பினால் 4000 பிக்சல் படம் சுமார் 1600 ஆகிவிடும், எடுத்த தேதியும் உதிர்ந்துவிடும். அனுப்பும்போது `HD` தொட்டால் கொஞ்சம் தேவலை. முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் கேலரி வழியாகப் போகாமல் பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு `Document` என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

மலிவா 512 ஜி.பி. கார்டு கிடைக்குது. அதுல போட்டு வைக்கலாமா?

கம்பெனி பெயர் அறியாத, விலை நம்ப முடியாத கார்டு என்றால் பெரும்பாலும் உள்ளே 8 அல்லது 16 ஜி.பி. தான் இருக்கும், 512 என்று பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். நிரம்பும் வரை ஒழுங்காக வேலை செய்யும். அதன் பிறகு எழுதுவது எங்கும் பதியாது. கேலரியில் பெயர் தெரியும், திறந்தால் வெறும் சாம்பல். அங்கே எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, ஏனென்றால் எழுதப்படவே இல்லை. வாங்கிய அன்றே `H2testw` என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். 512 ஜி.பி.க்கு ராத்திரி முழுக்க ஓடும். பச்சை ஜன்னலில் பிழையின்றி முடிந்ததாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், சிவப்பு வந்தால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.